விளையாட்டு நாள் செய்தியும் ஒரு சிறிய ஹம்ஸாவும்

கத்தாரில் பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அரசு விடுமுறை. 2012 முதல் அந்த நாளைத் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று அமைச்சக ஊழியர்கள் முதல் சிறு குழந்தைகள் வரை பூங்காக்களிலும் கடற்கரைச் சாலையிலும் ஓடுவார்கள், பந்து ஆடுவார்கள், மிதிவண்டி ஓட்டுவார்கள். அதை ஒட்டிப் பள்ளிகளிலும் போட்டிகள் நடக்கும். அரபு வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு வேலையும் வந்து சேரும்: பள்ளி இதழுக்காக விளையாட்டு நாளைப் பற்றிப் பத்து வரியில் ஒரு செய்தி எழுத வேண்டும். நடந்ததை இறந்த காலத்தில் சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும்.

பத்து வரிதானே என்று தோன்றும். அரபைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்குக்கூட இது எளிதில்லை. வீட்டில் பேசும் வளைகுடா அரபு வேறு, இதழில் அச்சாகும் எழுத்து அரபு வேறு. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் அரபைப் பாடமாகப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ அது மூன்றாவது, நான்காவது மொழி. இரு தரப்பாரும் இந்தச் சின்னச் செய்தியில் தடுக்கி விழும் இடங்களைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன. எழுவாய் வினைக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா?

மாதிரிக்கு ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். தமிழில் அதன் பொருள் இது: ‘கடந்த வியாழக்கிழமை எங்கள் பள்ளி விளையாட்டு நாளை நடத்தியது. தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் பெற்றோரும் வந்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குப் போட்டிகள் தொடங்கின. ஏழாம் வகுப்பு மாணவர்கள் நூறு மீட்டர் ஓடினார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். பார்வையாளர்கள் உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் நீல அணி வென்றது. கால்பந்தில் எங்கள் அணி வெல்லவில்லை. விளையாட்டு பொறுமையைக் கற்றுத் தருகிறது என்று தலைமையாசிரியர் சொன்னார். பள்ளி புதிய மைதானம் கட்டும் என்றும் தெரிவித்தார். தினமும் மாலையில் பயிற்சி செய்ததாக வெற்றி பெற்ற மாணவி சொன்னார். தண்ணீர் குடிக்கும்படி வீரர்களிடம் பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார். முடிவில் பரிசுகள் வழங்கப்பட்டன.’

இதை அரபில் எழுதினால் முதல் வரி ‘அகாமத் மத்ரஸதுனா’ என்று தொடங்கும். நடத்தியது எங்கள் பள்ளி. (அரபு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் காட்ட முடியாது. ‘ரமளான்’ என்று எழுதும் தமிழ் முஸ்லிம்களின் வழக்கத்தை ஒட்டி இங்கே எழுதியிருக்கிறது.) தமிழில் வினை கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்துவைக்கும். அரபுச் செய்தி நடையில் வினை பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும். வந்தார் தலைமையாசிரியர், தொடங்கின போட்டிகள், ஓடினர் மாணவர்கள் என்றே செய்தி நகரும்.

இறந்த கால வினையைத் தமிழகத்து அரபிக் கல்லூரிகளில் ‘மாளி’ என்பார்கள். அதன் அமைப்பு தமிழருக்கு அந்நியமாக இருக்காது. ஓடினான், ஓடினாள் என்று நாம் வினையின் வாலிலேயே ஆண், பெண்ணைக் காட்டுவதைப் போல அரபும் காட்டும். ‘ரகள’ என்றால் ஓடினான். ‘ரகளத்’ என்றால் ஓடினாள். நாம் ‘ஓடினார்கள்’ என்று இருபாலாருக்கும் பொதுவாகச் சொல்லும் இடத்தில் அரபு இன்னும் ஒரு படி போகும். ஆண்கள் ஓடினால் ‘ரகளூ’, பெண்கள் மட்டுமே ஓடினால் ‘ரகள்ன’. ஆகவே பெண்கள் பள்ளி இதழுக்கும் ஆண்கள் பள்ளி இதழுக்கும் ஒரே செய்தியை அப்படியே கொடுக்க முடியாது. வினைகளை மாற்ற வேண்டியிருக்கும்.

சிக்கல் பன்மையில்தான் தொடங்குகிறது. ‘மாணவர்கள் ஓடினார்கள்’ என்பதை எழுத வரும் பிள்ளை, பன்மை வினையான ‘ரகளூ’வை முதலில் வைத்து, அதன் பின் ‘துல்லாப்’, அதாவது மாணவர்கள், என்று எழுதிவிடும். ஆசிரியரின் சிவப்பு மை அங்கே விழும். எழுவாய் பின்னால் வெளிப்படையாக வரும்போது, அது எத்தனை பேரைக் குறித்தாலும் முன்னே நிற்கும் வினை ஒருமையாகவே இருக்க வேண்டும். ‘ரகள துல்லாபுஸ் ஸஃப்பிஸ் ஸாபிஇ’ என்பதே சரி. ஏழாம் வகுப்பு மாணவர்கள் முப்பது பேர் ஓடியிருந்தாலும் ‘ரகள’தான். ஆண், பெண் வேறுபாட்டை மட்டும் வினை காட்டும், எண்ணிக்கையைக் காட்டாது.

அதே வாக்கியத்தின் அடுத்த பாதியில் நிலைமை மாறுகிறது. ‘ஸும்ம வகஃபூ’, பிறகு நின்றார்கள். இங்கே ‘வகஃபூ’ பன்மை. மாணவர்கள் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டார்கள். வினை இப்போது அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. பின்னால் நிற்கும் வினை தன் எழுவாயின் எண்ணையும் தானே சுமக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் முதல் வினை ஒருமையாகவும் இரண்டாவது வினை பன்மையாகவும் இருப்பதைப் பார்த்து, திருத்துகிறேன் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடும் மாணவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சரியாக இருந்த வாக்கியம் கெட்டுவிடும்.

அரபுப் பிள்ளைகளும் இதில் தவறுவதற்குக் காரணம் அவர்களுடைய பேச்சுமொழி. பேச்சில் ஆட்களைக் குறிக்கும் பன்மைக்கு முன்னால் பன்மை வினை இயல்பாக வரும். இந்த வழக்கம் புதிதன்று. பழைய அரபுக் குலங்கள் சிலவற்றின் பேச்சிலும் இருந்திருக்கிறது. அதற்கு இலக்கண ஆசிரியர்கள் வைத்த பெயர் ‘அகலூனில் பராகீஸ்’ வழக்கு. ‘தெள்ளுப்பூச்சிகள் என்னைத் தின்றுவிட்டன’ என்பது அந்த எடுத்துக்காட்டின் பொருள். வினை முன்னால் நின்றும் பன்மையில் இருப்பதால் அது எடுத்துக்காட்டாக நிலைத்துவிட்டது. இன்றும் அரபு வகுப்புகளில் இந்தத் தவறைச் சுட்டிக்காட்ட ஆசிரியர்கள் அந்தப் பூச்சிகளைத்தான் அழைக்கிறார்கள்.

‘போட்டிகள் தொடங்கின’ என்பது ‘பதஅதில் முஸாபகாது’. இங்கே வினை பெண்பால் ஒருமை. போட்டிகள், பரிசுகள், பந்துகள் போன்ற ஆள் அல்லாதவற்றின் பன்மையை அரபு பெண்பால் ஒருமையாகவே நடத்தும். அறிவுள்ளவை, அறிவில்லாதவை என்று அரபு இலக்கணம் பெயர்களைப் பிரிக்கிறது. உயர்திணை, அஃறிணை என்று படித்து வளர்ந்த தமிழ் மாணவருக்கு இந்தப் பிரிவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் வழியே அரபு கற்பவர்கள் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ் வழியே வருபவருக்கு இது பழக்கப்பட்ட பிரிவு. அஃறிணைப் பன்மைக்கு அரபு தரும் வடிவத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இணைப்புச் சொற்களில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ‘ஸும்ம’வும் ‘பிறகு’தான், ‘ஃப’வும் ‘பிறகு’தான். ஆனால் ‘ஃப’ உடனே நடந்ததைக் காட்டும். ‘ஸும்ம’ இடைவெளி விட்டு நடந்ததைக் காட்டும். விசில் ஊதியதும் ஓடினார்கள் என்றால் ‘ஃப’. ஓடி முடித்து, மூச்சு வாங்கி, பிறகு வரிசையில் நின்றார்கள் என்றால் ‘ஸும்ம’. உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு ‘கான’ என்ற வினையை முன்னால் வைத்து நிகழ்கால வினையைச் சேர்ப்பார்கள்: ‘கானல் ஜும்ஹூரு யுஷஜ்ஜிஉ’. வெல்லவில்லை என்பதற்கு ‘லம் யஃபுஸ்’. இதிலும் ஒரு சிறு பொறி உண்டு. ‘வெல்கிறார்’ என்பது ‘யஃபூஸு’ என்ற நெடில். ‘லம்’ முன்னால் வந்ததும் அந்த நெடில் குறுகிவிடும். எழுத்தில் ‘வாவ்’ என்ற எழுத்தே காணாமல் போகும். அதை விட்டுவைத்தால் தவறு கண்ணுக்குத் தெரியும்.

இப்போது செய்தியின் நடுப்பகுதிக்கு வருவோம். தலைமையாசிரியர் மேடை ஏறிவிட்டார்.

அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டுவிடலாம். ஆனால் பத்து வரிச் செய்தியில் எல்லாமே மேற்கோளாக இருந்தால் அது செய்தியாக இருக்காது, மேடைக் குறிப்பாகிவிடும். அதனால் சொன்னதைத் தன் வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும். தமிழில் ‘என்று’ போட்டால் வேலை முடிந்தது. அரபில் அந்த இடத்தில் இரண்டு சொற்கள் போட்டி போடுகின்றன: ‘இன்ன’, ‘அன்ன’. ‘சொன்னார்’ என்ற பொருள் தரும் ‘கால’ வினைக்குப் பிறகு ‘இன்ன’ வர வேண்டும். ‘தெரிவித்தார்’, ‘மேலும் சொன்னார்’, ‘உறுதிப்படுத்தினார்’ போன்ற மற்ற வினைகளுக்குப் பிறகு ‘அன்ன’ வர வேண்டும். ‘காலல் முதீரு இன்னர் ரியாளத துஅல்லிமுஸ் ஸப்ர’, விளையாட்டு பொறுமையைக் கற்றுத் தருகிறது என்று தலைமையாசிரியர் சொன்னார். ‘வ அளாஃப அன்னல் மத்ரஸத ஸதப்னீ மல்அபன் ஜதீதன்’, பள்ளி புதிய மைதானம் கட்டும் என்றும் அவர் மேலும் சொன்னார்.

அச்சில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளி அளவுதான். இரண்டுமே அலிஃப், நூன் என்ற இரண்டே எழுத்துகள். பள்ளி இதழில் உயிர்க்குறிகள் போடுவதில்லை. ஹம்ஸா என்ற சிறிய கொக்கி அலிஃபின் காலடியில் இருந்தால் ‘இன்ன’, தலைக்கு மேல் இருந்தால் ‘அன்ன’. தட்டச்சு செய்யும்போது அவசரத்தில் ஹம்ஸாவையே விட்டுவிடுவார்கள். இதழ் ஆசிரியர் ஒருவர் பிழை திருத்த உட்கார்ந்தால் முதலில் செய்ய வேண்டியது, ‘கால’ வரும் இடங்களை எல்லாம் தேடி, அதைத் தொடரும் அலிஃபின் அடியில் கொக்கி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். நாளிதழ்களிலும் தொலைக்காட்சித் திரையில் ஓடும் வரிகளிலும் இந்தப் பிழை அடிக்கடி தென்படுகிறது. மாணவர் அதைப் பார்த்துப் பழகினால் தவறு அவருடைய கையிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஏன் இந்த வேறுபாடு? ‘அன்ன’ தன்னைத் தொடரும் வாக்கியத்தை ஒரு பெயர்ச்சொல்லாகச் சுருட்டிக் கொடுக்கும். ‘மைதானம் கட்டவிருப்பதை’ என்று நாம் சொல்வதைப் போல. ‘தெரிவித்தார்’ என்ற வினைக்கு அப்படி ஒரு செயப்படுபொருள் பொருந்தும். ஆனால் ‘கால’வுக்குப் பிறகு வருவது ஒருவர் வாயிலிருந்து வந்த பேச்சு. அது சுருட்டப்படாமல் முழு வாக்கியமாகவே நிற்கிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் உரிமை ‘இன்ன’வுக்குத்தான் உண்டு. இந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்ட மாணவருக்குப் பட்டியல் தேவைப்படாது.

‘இன்ன’, ‘அன்ன’ இரண்டுக்கும் பொதுவான இன்னொரு நிபந்தனையில்தான் முன்பு கேட்ட கேள்வி திரும்ப வருகிறது. இவற்றை அடுத்து வினை வரக் கூடாது. பெயரோ, பெயரைக் குறிக்கும் ஒட்டோ வர வேண்டும். செய்தி முழுவதும் வினையை முன்னால் வைத்து எழுதிப் பழகிய கை, இங்கேயும் ‘அன்ன ஸதப்னீ’ என்று எழுதப் போகும். அது தவறு. வெளி வாக்கியத்தில் வினை முதலில் வந்தது, உள்வாக்கியத்தில் எழுவாய் முதலில் வருகிறது. எழுவாய் முன்னால் வந்துவிட்டால், மேலே பார்த்தபடி, பின்னால் நிற்கும் வினை பன்மையை முழுதாகக் காட்ட வேண்டும். ‘வீரர்கள் களைத்துவிட்டார்கள் என்று பயிற்சியாளர் சொன்னார்’ என்பதை எழுதும்போது ‘கால’ ஒருமையில் முன்னே நிற்கும், உள்ளே ‘இன்னல் லாஇபீன தஇபூ’ என்று பன்மை வினை பின்னே நிற்கும்.

இதே எடுத்துக்காட்டில் இன்னொன்றும் தெரிகிறது. வீரர்கள் என்பது எழுவாயாக இருந்தால் ‘லாஇபூன’ என்று இருக்க வேண்டும். ‘இன்ன’ அதை இரண்டாம் வேற்றுமைக்குத் தள்ளுவதால் ‘லாஇபீன’ ஆகிறது. ‘ரியாளத’ போன்ற ஒருமைச் சொற்களில் இந்த மாற்றம் கடைசி உயிர்க்குறியில் மட்டும் நடப்பதால் அச்சில் மறைந்துவிடும். யாரும் கண்டுபிடிக்க முடியாது. ‘லாஇபூன’, ‘முஅல்லிமூன’ போன்ற பன்மைகளில் எழுத்தே மாறுகிறது. வேற்றுமை தெரியாத மாணவர் அங்கேதான் பிடிபடுவார்.

காலத்தைப் பற்றிய குழப்பம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரவே கூடாத ஒன்று. ஆனாலும் வருகிறது. காரணம், அவர்கள் அரபைத் தமிழிலிருந்து எழுதுவதில்லை, ஆங்கிலத்திலிருந்து எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘சொன்னார்’ இறந்த காலத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் பேச்சையும் ஒரு படி பின்னால் தள்ள வேண்டும் என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். தமிழில் அந்த வழக்கம் இல்லை. ‘கட்டும் என்றார்’ என்கிறோம், கட்டும் என்பது எதிர்காலமாகவே நிற்கிறது. அரபும் அப்படித்தான். தலைமையாசிரியர் மேடையில் எந்தக் காலத்தில் பேசினாரோ அந்தக் காலமே செய்தியிலும் நிற்கும். ‘ஸதப்னீ’ எதிர்காலம், அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால் ‘கானத்’ சேர்த்து இறந்த காலமாக்கினால், ‘கட்டுவதாக இருந்தது’ என்று பொருள் திரும்பிவிடும். படிக்கும் பெற்றோர் திட்டம் கைவிடப்பட்டதோ என்று கேட்பார்கள்.

மாணவியின் பேச்சில் மட்டும் உள்ளே இறந்த காலம் வருகிறது: ‘வ காலதில் ஃபாஇஸது இன்னஹா ததர்ரபத்’. அவர் பயிற்சி செய்தது பேசுவதற்கு முன்பே முடிந்துவிட்ட விஷயம். ஆகவே அவர் வாயிலேயே அது இறந்த காலமாகத்தான் இருந்தது. சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி, வாக்கியத்தைப் பேசியவர் வாயில் திரும்ப வைத்துப் பார்ப்பது. அவர் அப்படிப் பேசியிருப்பார் என்றால் காலம் சரி. மாற வேண்டியது இடப்பெயர் மட்டுமே. அவர் சொன்னது ‘ததர்ரப்து’, நான் பயிற்சி செய்தேன். செய்தியில் ‘இன்னஹா’ என்று அவளாக மாறியதும் வினையும் ‘ததர்ரபத்’ ஆக வேண்டும். ஒட்டை மாற்றிவிட்டு வினையை மாற்ற மறந்தால், அவள் என்று தொடங்கிய வாக்கியம் நான் என்று முடியும்.

இடப்பெயரில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. ‘தான் திரும்பி வருவதாக வீரரிடம் பயிற்சியாளர் சொன்னார்’ என்றால் வருபவர் பயிற்சியாளர். ‘அவர்’ என்றால் வீரராகவும் இருக்கலாம். அரபில் ‘இன்னஹு’ இருவரையும் குறிக்கும். சூழலில் தெளிவில்லை என்றால், பெயரையே திரும்பச் சொல்வது அல்லது அந்த ஒரு வரியை நேரடி மேற்கோளாக்குவது நல்லது. பள்ளிச் செய்தியில் இரண்டு ஆண்கள் ஒரே வாக்கியத்தில் வந்தால் உடனே இதைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சியாளர் வாக்கியத்தில் பேச்சு ஓர் ஏவல். ‘தண்ணீர் குடியுங்கள்’ என்பதை ‘கால’ போட்டு எழுதினால் ஒட்டாது. ‘தலப’, கேட்டுக்கொண்டார், என்ற வினையை எடுத்து ‘அன்’ சேர்ப்பார்கள்: ‘தலபல் முதர்ரிபு மினல் லாஇபீன அன் யஷ்ரபுல் மாஅ’. இந்த ‘அன்’னும் முன்பு வந்த ‘அன்ன’வும் உயிர்க்குறி இல்லாத அச்சில் ஒரே மாதிரி இருக்கும், ஹம்ஸா இரண்டுக்கும் மேலேதான். எது எது என்று வாசகர் அடுத்த சொல்லைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். பெயர் தொடர்ந்தால் ‘அன்ன’, வினை தொடர்ந்தால் ‘அன்’. ‘அன்’ வந்ததும் ‘குடிக்கிறார்கள்’ என்பதன் கடைசி நூன் உதிர்ந்து, ஒலிக்காத ஓர் அலிஃப் அங்கே நிற்கும். நூனை விட்டுவைத்திருந்தால் எழுதியவருக்கு விதி தெரியவில்லை என்று பொருள்.

கடைசி வரி பரிசளிப்பு. நாளிதழ் படிக்கும் மாணவர் இதை ‘தம்ம தவ்ஸீஉல் ஜவாஇஸ்’ என்று எழுதுவார், பரிசு வழங்கல் நடந்தேறியது. செய்தித்தாள்களில் பரவிப்போன இந்த நடையை அரபு மொழி ஆசிரியர்கள் பலர் விரும்புவதில்லை. ஓர் உயிருள்ள வினை இருக்கும்போது ‘நடந்தேறியது’ என்ற வெற்று வினையை ஏன் கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவரையே எழுவாயாக்கி ‘வஸ்ஸஅல் முதீருல் ஜவாஇஸ’, தலைமையாசிரியர் பரிசுகளை வழங்கினார், என்று எழுதலாம். கொடுத்தவர் பலர், பெயர் தேவையில்லை என்றால் செயப்பாட்டு வினையில் ‘வுஸ்ஸிஅதில் ஜவாஇஸு’. பரிசுகள் அஃறிணைப் பன்மை, ஆகவே வினை மறுபடி பெண்பால் ஒருமை.